படத்தில் வெட்டுப்பட்ட வரியும் முதல் மீது வட்டியும்

கேள்வி: ஐயா, நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படிக்கிறேன். தோழியின் பயிற்சி நூலிலிருந்து ஒரு வினாவைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்தேன். விடுமுறை என்பதால் நூலை மறுபடி பார்க்க முடியவில்லை. படத்தில் தெரிவது இது: "கதிர், மதி இருவரும் 3:2 விகிதத்தில் இலாப நட்டம் பகிரும் கூட்டாளிகள். 31.3.2024 அன்று அவர்களின் முதல் முறையே ரூ.4,80,000, ரூ.2,70,000. அவ்வாண்டின் இலாபம் ரூ.1,50,000, வட்டி எதுவும் கணக்கிடாமல் பகிர்ந்து முதல் கணக்குகளில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. எடுப்புகள் முறையே ரூ.60,000, ரூ.30,000. ஒப்பாவணப்படி முதல் மீது வட்டி ஆண்டுக்கு..." வீதம் 6% என்றும் தெரிகிறது, 8% என்றும் தெரிகிறது. கடைசி வரியில் "1.10.2023 அன்று கதிர்" என்பதோடு படம் முடிந்துவிட்டது. சட்டத்தில் 6% என்று படித்த நினைவில் 6% போட்டேன். கதிருக்கு ரூ.28,800, மதிக்கு ரூ.16,200 வந்தது. நூலின் விடை ரூ.34,000, ரூ.19,200, சரிக்கட்டல் தொகை ரூ.2,080. எங்கே தவறினேன்? இலாபம் வட்டிக்கே போதாவிட்டால் என்ன செய்வது என்பதும் புரியவில்லை.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இலக்கம் எனக்கும் ஒரு சமயம் 6 ஆகவும் ஒரு சமயம் 8 ஆகவும்தான் தெரிகிறது. கடைசி வரி போனது போனதுதான். ஆனால் விடையையும் சேர்த்துப் படம் எடுத்தீர்களே, அது போதும். வினாவில் தொலைந்ததை விடையிலிருந்து மீட்க முடியும். அப்படி மீட்கும்போதே உங்கள் கணக்கு எங்கே வழி மாறியது என்பதும் தெரிந்துவிடும்.

கதிரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வெட்டுப்பட்ட வரி அவரைப் பற்றியது. அவர் கணக்கில் நமக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மதியின் கணக்கில் அப்படி எதுவும் இல்லை. சிக்கல் இல்லாதவரிடம் தொடங்கினால் வட்டி வீதம் எது என்பதை அவரே சொல்லிவிடுவார்.

மதியின் முதல் ரூ.2,70,000 என்பது 31.3.2024 அன்றைய இருப்பு, அதாவது ஆண்டின் கடைசி நாள் இருப்பு. நீங்கள் வட்டியை இந்தத் தொகை மீது கணக்கிட்டீர்கள். முதல் தவறு அங்கேதான் நடந்திருக்கிறது. வட்டி என்பது கூட்டாளியின் பணம் நிறுவனத்தில் உழைத்த காலத்துக்கான ஊதியம். 2023 ஏப்ரல் 1 அன்று எவ்வளவு பணம் உள்ளே இருந்தது என்பதுதான் அதற்கு அடிப்படை. ஆண்டு இறுதி இருப்பில் இந்த ஆண்டின் இலாபப் பங்கும் கலந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்ந்து, மார்ச் 31 அன்று வரவு வைக்கப்பட்ட தொகை அது. ஏப்ரல் 1 அன்று அது பிறக்கவே இல்லை. பிறக்காத பணத்துக்கு ஓர் ஆண்டு வட்டி கொடுக்க முடியாது.

ஆகவே இறுதி இருப்பிலிருந்து தொடக்க இருப்புக்குப் பின்னோக்கி நடக்க வேண்டும். ஆண்டில் கணக்கில் கூட்டப்பட்டதைக் கழிக்க வேண்டும். கழிக்கப்பட்டதைக் கூட்ட வேண்டும். மதியின் இலாபப் பங்கு ரூ.1,50,000 இல் ஐந்தில் இரண்டு, அதாவது ரூ.60,000. அது கூட்டப்பட்டது, அதைக் கழியுங்கள். எடுப்பு ரூ.30,000 கழிக்கப்பட்டது, அதைக் கூட்டுங்கள்.

```
மதியின் தொடக்க முதல் = 2,70,000 + 30,000 − 60,000 = 2,40,000
```

நூலின் விடை ரூ.19,200. அதை ரூ.2,40,000 ஆல் வகுத்தால் மிகச் சரியாக 8% வருகிறது. 6% என்று வைத்துக்கொண்டால் ரூ.19,200 வட்டி வர முதல் ரூ.3,20,000 இருந்திருக்க வேண்டும். வினாவில் உள்ள எந்த எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் அந்தத் தொகை மதிக்கு வராது. படத்தில் இருப்பது 8 தான்.

சட்டத்தில் உள்ள 6% வேறு இடத்தைச் சேர்ந்தது. 1932 ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 13, கூட்டாளிகளுக்குள் வேறு உடன்பாடு இல்லாதபோது பொருந்தும் விதிகளைச் சொல்கிறது. கூட்டாளி தன் முதலுக்கு மேல் நிறுவனத்துக்குக் கடனாகப் பணம் கொடுத்திருந்தால் அந்தக் கடனுக்கு ஆண்டுக்கு 6% வட்டி உண்டு. முதல் மீது வட்டிக்கு அந்தப் பிரிவு எந்த வீதத்தையும் சொல்லவில்லை. ஒப்பாவணத்தில் முதல் மீது வட்டி பற்றிய பேச்சே இல்லையென்றால், 6% அல்ல, ஒரு ரூபாய் வட்டியும் கிடையாது. ஒப்பாவணம் வட்டி உண்டு என்று சொன்னால் வீதமும் அதிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே வீதம் மங்கலாகத் தெரிந்தபோது சட்டத்தின் 6% ஐக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பியது பொருந்தாது. மாணவர்கள் மட்டுமல்ல, கடை நடத்தும் கூட்டாளிகளும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதை என் தொழிலில் பல முறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கதிருக்கு வருவோம். அவருடைய இலாபப் பங்கு ரூ.90,000, எடுப்பு ரூ.60,000. மதிக்குச் செய்த அதே வேலையைச் செய்தால் 4,80,000 + 60,000 − 90,000 = 4,50,000. அதற்கு 8% வட்டி ரூ.36,000. ஆனால் நூல் ரூ.34,000 என்கிறது. ரூ.2,000 குறைகிறது. வெட்டுப்பட்ட வரி இந்த ரூ.2,000 க்குள்தான் ஒளிந்திருக்கிறது.

1.10.2023 அன்று கதிர் என்ன செய்திருக்கக்கூடும்? மூன்று வழிகள் உண்டு. தன் முதலின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கூடுதல் முதல் கொண்டுவந்திருக்கலாம். அல்லது கடன் கொடுத்திருக்கலாம். கடன் என்றால் அது தனிக் கணக்கில் நிற்கும், முதல் கணக்கைத் தொடாது. அப்படியானால் முதல் மீது வட்டி ரூ.36,000 ஆகவே இருந்திருக்கும். எனவே கடன் இல்லை. முதலின் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்திருந்தால், அந்தத் தொகை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உள்ளே இருந்திருக்கும். தொடக்க முதல் ரூ.4,50,000 ஐ விட அதிகமாக இருந்திருக்கும், வட்டியும் ரூ.36,000 ஐத் தாண்டியிருக்கும். நமக்கு வந்திருப்பது குறைவு. எனவே அவர் கூடுதல் முதல் கொண்டுவந்திருக்கிறார்.

கூடுதலாகப் பணம் போட்டவருக்கு வட்டி எப்படிக் குறையும் என்று தோன்றலாம். தொடக்க முதல் வினாவில் கொடுக்கப்பட்டிருந்தால் வட்டி கூடத்தான் செய்யும். இங்கே கொடுக்கப்பட்டிருப்பது இறுதி முதல். அந்த ரூ.4,80,000 க்குள் கூடுதல் முதலும் அடங்கியிருக்கிறது. அதை ஏப்ரலிலிருந்தே உள்ளே இருந்ததாக நாம் எண்ணியதால்தான் ரூ.36,000 வந்தது. உண்மையில் அது முதல் ஆறு மாதம் நிறுவனத்தில் இல்லை. அந்த ஆறு மாத வட்டிதான் ரூ.2,000. ஆறு மாதத்துக்கு 4% என்றால், 4% ரூ.2,000 ஆகும் தொகை ரூ.50,000. வெட்டுப்பட்ட வரி, "1.10.2023 அன்று கதிர் ரூ.50,000 கூடுதல் முதல் கொண்டுவந்தார்" என்ற பொருளில்தான் இருக்க வேண்டும்.

```
கதிரின் தொடக்க முதல் = 4,80,000 + 60,000 − 90,000 − 50,000 = 4,00,000
4,00,000 × 8%          = 32,000
50,000 × 8% × 6/12     =  2,000
கதிருக்கு வட்டி         = 34,000
```

பின்னோக்கிக் கண்டுபிடித்த தொகையை எப்போதும் ஒரு முறை முன்னோக்கி ஓட்டிப் பாருங்கள். கதிர்: 4,00,000, அதோடு 50,000, அதோடு 90,000, கழித்தல் 60,000, கிடைப்பது 4,80,000. மதி: 2,40,000, அதோடு 60,000, கழித்தல் 30,000, கிடைப்பது 2,70,000. இரண்டும் வினாவில் உள்ள இருப்போடு ஒத்துப்போகின்றன. கூட்டல் கழித்தல் குறியில் தடுமாறியிருந்தால் இந்த இடத்தில் அது வெளியே வந்துவிடும்.

இங்கே இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இலாபம் "முதல் கணக்குகளில் வரவு வைக்கப்பட்டுவிட்டது" என்ற தொடர். இது மாறுபடும் முதல் முறை என்பதற்கு அடையாளம். நிலை முதல் முறையாக இருந்தால் இலாபப் பங்கும் எடுப்பும் நடப்புக் கணக்குக்குப் போய்விடும். முதல் கணக்கு அசையாது. அப்போது இலாபத்துக்கும் எடுப்புக்கும் பின்னோக்கி நடக்கும் வேலை இல்லை, கூடுதல் முதலுக்கு மட்டும் சரி செய்தால் போதும். அதேபோல் இலாபம் இன்னும் பகிரப்படவில்லை என்று வினா சொன்னால், இறுதி இருப்பில் அது சேரவே இல்லை, கழிக்கவும் கூடாது. மற்றொன்று "எடுப்புகள்" என்ற சொல். கூட்டாளி சொந்தச் செலவுக்கு இலாபத்தை எதிர்பார்த்து அவ்வப்போது எடுப்பது எடுப்பு. முதலையே நிரந்தரமாகக் குறைத்துக்கொள்வது வேறு. பாடநூல் கணக்குகளில் எடுப்புக்காக முதல் மீது வட்டியைக் குறைப்பதில்லை. ஒப்பாவணம் சொன்னால் எடுப்புகள் மீது தனியாக வட்டி வாங்குவார்கள். முதலைக் குறைத்தால் மட்டும் அந்த நாளிலிருந்து வட்டி குறையும்.

மாதக் கணக்கிலும் ஒரு வழுக்கல் உண்டு. அக்டோபர் 1 என்றதும் டிசம்பரோடு ஆண்டு முடிந்ததாக நினைத்து மூன்று மாதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நிறுவனத்தின் கணக்காண்டு மார்ச் 31 இல் முடிகிறது. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை முழுதாக ஆறு மாதம்.

வட்டி கிடைத்துவிட்டது. சரிக்கட்டல் தொகை ரூ.2,080 எப்படி வந்தது என்று பார்ப்போம். கதிருக்கு ரூ.34,000, மதிக்கு ரூ.19,200, மொத்தம் ரூ.53,200. இதை மேலும் வரவு வைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். அப்படிச் செய்யக் கூடாது. இருந்த ரூ.1,50,000 முழுவதும் ஏற்கெனவே பகிரப்பட்டுவிட்டது. வட்டிக்கென்று புதிதாகப் பணம் எங்கிருந்தும் வரப்போவதில்லை. அதே ரூ.1,50,000 வேறு எப்படிப் பிரிந்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. முதலில் வட்டி ரூ.53,200 ஐ எடுத்து வைத்தால் மீதி ரூ.96,800. அதை 3:2 இல் பிரித்தால் கதிருக்கு ரூ.58,080, மதிக்கு ரூ.38,720. வட்டியையும் சேர்த்தால் கதிருக்கு மொத்தம் ரூ.92,080, மதிக்கு ரூ.57,920. முன்பு கொடுத்தது ரூ.90,000, ரூ.60,000. கதிருக்கு ரூ.2,080 குறைவாகவும் மதிக்கு அதே அளவு அதிகமாகவும் போயிருக்கிறது. எனவே மதியின் முதல் கணக்கில் ரூ.2,080 பற்று, கதிரின் முதல் கணக்கில் ரூ.2,080 வரவு. திருத்திய பிறகு இருப்பு ரூ.4,82,080, ரூ.2,67,920. இரண்டையும் கூட்டினால் ரூ.7,50,000; திருத்துவதற்கு முன்பும் அதே ரூ.7,50,000 தான். மொத்தம் மாறியிருந்தால் இல்லாத பணத்தை எங்கோ உண்டாக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

இந்த ரூ.2,080 ஐ ஒரே வரியிலும் பெறலாம். வட்டியே இல்லாமல் பகிர்ந்தபோது அந்த ரூ.53,200 உம் 3:2 இல் போனது. கதிருக்கு அதில் ரூ.31,920 கிடைத்தது. கிடைக்க வேண்டியது ரூ.34,000. வேறுபாடு ரூ.2,080. முதல் மீது வட்டி என்ற ஏற்பாட்டின் நோக்கமே இந்த வரியில் தெரிகிறது. இலாபப் பகிர்வு விகிதம் உழைப்பு, அனுபவம், பேச்சுவார்த்தை என்று பலவற்றைப் பார்த்து முடிவாகிறது. அது முதலின் விகிதமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பணத்தை அதிகம் போட்டவருக்கு அந்தப் பணத்துக்கு உரியதை முதலில் கொடுத்துவிட்டு, மீதியை விகிதப்படி பிரிக்க வேண்டும். முதல்களும் 3:2 ஆகவே ஆண்டு முழுவதும் இருந்திருந்தால் வட்டி போட்டாலும் போடாவிட்டாலும் கடைசித் தொகை ஒன்றுதான். இங்கே தொடக்க முதல்கள் 5:3. கதிரின் பங்கு ஐந்தில் மூன்றை விடக் கூடுதல். ஆகவே விடையில் கதிருக்கு ரூ.90,000 ஐ விட அதிகம் வர வேண்டும் என்பதைக் கணக்குப் போடுமுன்பே சொல்லிவிடலாம். குறைவாக வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து பாருங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் நுட்பமானது. இலாபம் வட்டிக்குப் போதாவிட்டால் என்ன ஆகும்? அதே பிரிவு 13, ஒப்பாவணத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, முதல் மீது வட்டியை இலாபத்திலிருந்து மட்டுமே கொடுக்கலாம் என்கிறது. நட்டம் வந்த ஆண்டில் வட்டி கிடையாது. இலாபம் வட்டியை விடக் குறைவாக இருந்தால் இருக்கிற இலாபம் வரை மட்டும் கொடுக்க வேண்டும். தொடக்க முதல்களும் கூடுதல் முதலும் இதே போல இருந்து, இலாபம் ரூ.39,900 மட்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவையான வட்டி ரூ.53,200.

இந்த ரூ.39,900 ஐ எந்த விகிதத்தில் பிரிப்பது? பெரும்பாலான கைகள் 3:2 க்கு ஓடும். அப்படிப் பிரித்தால் கதிருக்கு ரூ.23,940, மதிக்கு ரூ.15,960. இது தவறு. இங்கே நாம் இலாபத்தைப் பகிரவில்லை. வட்டியில் ஒரு பகுதியைக் கொடுக்கிறோம். இருவருக்கும் வர வேண்டிய வட்டியின் விகிதம்தான் பொருந்தும். 34,000 க்கு 19,200 என்பதைச் சுருக்கினால் 85:48. கூட்டினால் 133 பங்கு. ரூ.39,900 ஐ 133 ஆல் வகுத்தால் ஒரு பங்கு ரூ.300. கதிருக்கு 85 பங்கு, ரூ.25,500. மதிக்கு 48 பங்கு, ரூ.14,400. இருவருக்குமே தங்கள் வட்டியில் சரியாக நான்கில் மூன்று கிடைத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். 3:2 இல் பிரித்திருந்தால் மதி தன் வட்டியில் பெரும் பகுதியைப் பெற்றுக்கொள்ள, கதிருக்கு அதைவிடக் குறைந்த பகுதியே கிடைத்திருக்கும். பகிர மீதி இலாபம் எதுவும் இல்லாததால் 3:2 க்கு இந்த ஆண்டு வேலையே இல்லை.

ஆனால் ஒப்பாவணம், "இலாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வட்டி கொடுக்கப்பட வேண்டும்" என்று வெளிப்படையாகச் சொன்னால் நிலைமை முற்றிலும் மாறும். அப்போது வட்டி ஒரு செலவைப் போல ஆகிவிடும். ரூ.53,200 முழுவதையும் கொடுக்க வேண்டும், ரூ.39,900 போக ரூ.13,300 நட்டம் ஆகும். அந்த நட்டத்தை 3:2 இல் ஏற்க வேண்டும். கதிர் ரூ.34,000 பெற்று ரூ.7,980 ஐ இழப்பார், நிகரம் ரூ.26,020. மதி ரூ.19,200 பெற்று ரூ.5,320 ஐ இழப்பார், நிகரம் ரூ.13,880. ஒரே இலாபம், ஒரே முதல், ஒரே வீதம். ஒப்பாவணத்தின் ஒரு தொடர் ரூ.520 ஐ ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நகர்த்திவிடுகிறது. படம் எடுக்கும்போது இப்படிப்பட்ட தொடர்தான் முதலில் வெட்டுப்படும், ஏனென்றால் அது வினாவின் கடைசியில் நிற்கும்.

அடுத்த முறை வினாவைப் படம் எடுக்கும்போது அடுத்த வினாவின் எண்ணும் முதல் வரியும் படத்துக்குள் விழும்படி எடுங்கள். அடுத்த வினா தெரிந்தால்தான் உங்கள் வினா முழுதாக வந்திருக்கிறது என்று உறுதி. பக்கத்தின் நடு மடிப்பு நிழலில் இலக்கங்கள் மங்கும். அந்தப் பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுங்கள். வீதத்தையும் தேதிகளையும் மட்டும் நோட்டில் கையால் எழுதிக்கொள்ள அரை நிமிடம்கூட ஆகாது.

விடுமுறை முடிந்ததும் தோழியின் நூலில் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள். 1.10.2023 என்பது படத்தில் தெளிவாக இருப்பதால்தான் ரூ.50,000 என்று சொன்னேன். அங்கே ரூ.1,00,000 என்று அச்சாகியிருந்தால் தேதியை மீண்டும் உற்றுப் பாருங்கள், அது 1.7.2023 ஆக இருக்க வேண்டும். அப்போது தொடக்க முதல் ரூ.3,50,000, அதற்கு வட்டி ரூ.28,000, கூடுதல் முதலுக்கு ஒன்பது மாத வட்டி ரூ.6,000; கூட்டினால் அப்போதும் அதே ரூ.34,000 தான் வரும்.